மேஜையில் ஏறிய அதிர்வு

எங்கள் கம்ப்யூட்டர் விளையாட்டில் நீங்கள் ஒரு வெள்ளாடு. இடம் அய்யலூர்ச் சந்தை. விடியலின் பனிமூட்டத்தில் லாரிகள் வந்து நிற்கின்றன, ஆடுகள் இறங்குகின்றன, அந்தக் கூட்டத்தில் உங்கள் குட்டி தொலைந்துபோகிறது. அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கதை அவ்வளவுதான். "ஆட்டைத் தேடுற வேலைய நான் தெனம் சும்மாவே பாக்குறேன், இதுக்கு எதுக்குடா கம்ப்யூட்டரு?" என்று என் சித்தப்பா கேட்டார். அவரிடம் பதில் சொல்லி ஜெயிக்க முடியாது. என் நண்பன் மட்டும்தான் சொன்னான்: "நீங்க ஆளா இருந்து ஆட்டைத் தேடுறீங்க சித்தப்பா. இதுல ஆடா இருந்து தேடணும். ரெண்டும் ஒண்ணா?"

அந்த விளையாட்டை நாங்கள் இருவர் மட்டுமே செய்தோம். கம்ப்யூட்டருக்குப் புரிகிற கோடு எழுதுவது நான். படம், சத்தம், கைக்கு எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவன். கல்லூரி முடித்ததும் எங்கள் வகுப்பில் எல்லோரும் சென்னைக்கும் பெங்களூருக்கும் ரயிலேற, நான் மட்டும் கொடைரோட்டுப் பக்கமிருக்கும் எங்கள் ஊரிலிருந்து தினம் பஸ் பிடித்துத் திண்டுக்கல்லுக்கு வந்துகொண்டிருந்தேன். அவன் வீட்டுக்குச் சொந்தமான தோல் கோடவுனின் மாடிதான் எங்கள் ஆபீஸ். கீழே உப்புப் போட்ட ஆட்டுத்தோல்களை அடுக்கி வைத்திருப்பார்கள். அந்த வாடை முதல் வாரம் மூக்கைப் பொத்த வைக்கும், அப்புறம் அது இல்லாவிட்டால் வேலையே ஓடாது. "கீழ தோலு, மேல ஆடு. எங்க அத்தா யாவாரத்துக்கு நேர் எதிரா நடத்துறோம்டா" என்பான்.

அவன் அப்பாவை நானும் அத்தா என்றுதான் கூப்பிடுவேன், அவருக்கு நாங்கள் இருவருமே அப்பு; நல்ல மனுஷர். அவருக்கு மஸ்கட்டில் ஒரு மச்சான். பெரிய கடை வைத்திருக்கிறார், சரக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும், மகனை அனுப்பு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அத்தா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் ஒருநாள் மாடிக்கு வந்து, பாயில் எங்களோடு சம்மணமிட்டு உட்கார்ந்து மகனிடம் சொன்னார்:

"ஏலே அப்பு, நான் தடுக்கல. ஆனா மாமாகிட்ட எம்புட்டு நாளைக்குத்தான் இந்தா வாரான், அந்தா வாரான்னு சொல்லிக்கிட்டிருக்கிறது? அந்தச் சென்னைக் கம்பெனி ஒத்துக்கிட்டா நீ இங்கயே இரு. இல்லேன்னா கெளம்பிரு. வாக்கு?"

"வாக்கு அத்தா" என்றான் இவன்.

அந்தச் சென்னைக் கம்பெனி, புத்தகம் போடும் பதிப்பகம் மாதிரி. சின்னக் குழுக்கள் செய்யும் விளையாட்டுகளை வாங்கி, டிவியில் மாட்டி விளையாடுகிற பெட்டிகளுக்கு வெளியிடுவார்கள். எங்கள் ஆட்டை அனுப்பியிருந்தோம். பதில் வந்தது. பிடித்திருக்கிறது. ஆனால் கீபோர்டில் மட்டும்தான் ஓடுகிறது. கன்ட்ரோலரில் ஓட வேண்டும், கன்ட்ரோலர் கையில் அதிர வேண்டும், எந்த பட்டனை அழுத்துவது என்று திரையில் காட்டும் படம் ஆளின் கையில் இருப்பதற்கு ஏற்றபடி தானாக மாற வேண்டும். கோயம்புத்தூர் விளையாட்டுக் கண்காட்சிக்கு எங்கள் ஆள் வருகிறார், அங்கே விளையாடிப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

மூன்றே மூன்று வேலை. நான் துள்ளிக் குதித்தேன். அவன் குதிக்கவில்லை. பழைய கன்ட்ரோலரை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"மாப்ள, அதிர்வு எனக்கு. படம் மாத்துறது உனக்கு" என்றான்.

கன்ட்ரோலருக்குள் இரண்டு மோட்டார்கள் இருக்கும். இரண்டின் அச்சிலும் ஒரு பக்கம் கனத்த எடை. சுற்றும்போது அந்த எடை ஒருபக்கமாக இழுப்பதால்தான் கை அதிர்கிறது. வழக்கமாக இடது பக்க மோட்டாருக்குப் பெரிய எடை, அது தடதடக்கும். வலது பக்கத்துக்குச் சின்ன எடை, அது ரீங்கரிக்கும். நாம் கோடில் சொல்வதெல்லாம் இடது எவ்வளவு, வலது எவ்வளவு, எத்தனை நேரம் என்பதுதான். எனக்கு அது வெறும் இரண்டு எண்கள். அவனுக்கு அது ஒரு ஊரே. லாரி தூரத்தில் வரும்போது இடது மெல்ல எழும்பும், பக்கத்தில் வந்ததும் கையைக் குலுக்கும், போனதும் படக்கென்று அடங்காமல் இழுத்துக்கொண்டே தேயும். குட்டியின் கழுத்து மணி வலதில் மட்டும், சிணுங்கல் மாதிரி. குட்டி நெருங்க நெருங்க, இரண்டும் சேர்ந்து இதயத் துடிப்பு மாதிரி அடிக்கும். காட்சியில் பனி மூடி ஒன்றும் தெரியாது. ஆட்டின் நெஞ்சு உங்கள் கையில்தான் இருக்கும்.

அத்தா ஒருநாள் மேலே வந்தபோது அவர் கையில் கொடுத்தோம். லாரி வந்தது. மனுஷர் பதறி எழுந்து ஜன்னல் வழியாகத் தெருவை எட்டிப் பார்த்தார். கோடவுனுக்கு லோடு வந்துவிட்டதென்று நினைத்துவிட்டார். நாங்கள் உருண்டு சிரித்தோம். அவரும் சிரித்தார். பிறகு கன்ட்ரோலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள உசுரு இருக்குடா" என்றார். அந்தச் சொல் போதும் என்று அன்றைக்கு நம்பினோம்.

என் வேலை அவ்வளவு அழகானதில்லை. ஆனால் எனக்கு அதுவும் பிடித்தது. விதி எளிது: கடைசியாக எதைத் தொட்டார்களோ, அதன் படத்தைக் காட்டு. கீபோர்டைத் தட்டினால் ஆட்டின் முதுகுக்கு மேல் கீபோர்டு எழுத்து. கன்ட்ரோலரைத் தொட்டால் கன்ட்ரோலர் பட்டன். அதிலும் இரண்டு ஜாதி உண்டு, எழுத்துப் போட்ட பட்டன் ஒரு வகை, முக்கோணம் வட்டம் போட்டது இன்னொரு வகை. எது செருகியிருக்கிறது என்று கண்டுபிடித்து அதற்கேற்ற படம் வர வேண்டும். அந்தப் படங்களை அவன்தான் வரைந்தான். சந்தையில் வியாபாரிகள் தாங்கள் வாங்கிய ஆட்டின் முதுகில் சாயத்தால் அடையாளம் போடுவார்களே, அந்த மாதிரி. ஒவ்வொரு பட்டனும் ஈரச் சாயம் வழிகிற ஒரு குறி. நான் கீபோர்டைத் தொட்டால் முதுகின் மேல் ஒரு குறி, அவன் கன்ட்ரோலரைத் தொட்டால் அது அழிந்து இன்னொரு குறி. இரண்டு பேரும் ஒரே ஆட்டை ஓட்டினோம். நான் இடப்பக்கம் ஓட்டினால் அவன் வலப்பக்கம் இழுப்பான். குறி மாறி மாறி அடித்துக்கொள்ளும்.

"டேய், ஆடு கிறுக்குப் புடிச்சு அலையுது பாரு."

"ரெண்டு மேய்ப்பன் கெடச்சா அப்படித்தான்."

நடுவில் ஒரு சிக்கல் வந்தது. யாரும் தொடாமலே குறி மாறியது. கீபோர்டில் விளையாடிக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோலர் படம் வந்து வந்து போனது. பழைய கன்ட்ரோலரில் ஆட்டை நடத்துகிற இடது குச்சி தேய்ந்து, சும்மா வைத்திருந்தாலும் ஒருபக்கம் லேசாகச் சாய்ந்து நின்றது. தொடவில்லை என்றாலும் தொட்ட மாதிரி கணக்குக் காட்டியது. குச்சி ஓரளவாவது நகர்ந்தால்தான் அதை மனிதக் கையாக எடுத்துக்கொள் என்று ஒரு எல்லை வைத்தேன். சரியாகிவிட்டது. இன்னொன்றும் செய்தேன். ஆள் கீபோர்டுக்கு மாறிவிட்டால் கன்ட்ரோலர் அதிரக் கூடாது. கையில் பிடிக்காத பொருள் தரையில் கிடந்து உறுமினால் நன்றாகவா இருக்கும்? கீபோர்டைத் தொட்டதும் இரண்டு மோட்டாருக்கும் பூஜ்யம். இரண்டும் நியாயமான வேலைகள். இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் செய்வேன்.

நாங்கள் பாயில் உட்கார்ந்துதான் வேலை பார்த்தோம். லேப்டாப் ஒரு மரப்பெட்டி மேல், கன்ட்ரோலர் மடியில். மேஜை நாற்காலி அந்த மாடியில் கிடையாது. மவுஸும் கிடையாது, லேப்டாப்பிலேயே விரலால் தேய்த்துக்கொள்வோம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள்தான் வைக்கவில்லை.

கோயம்புத்தூருக்கு விடிகாலை பஸ். அவன் அம்மா ஒரு டப்பா நிறைய இடியாப்பமும், தொட்டுக்கொள்ள வெஞ்சனத்துக்குத் தனியாக ஒரு தூக்குவாளியும் கொடுத்தனுப்பியிருந்தார்கள். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் கண்டக்டர், "ஏனுங்க தம்பி, அந்தப் பொட்டியக் கொஞ்சம் உள்ள தள்ளி வெச்சுக்கோங்க, ஏறுறவங்க மிதிச்சுப்போடுவாங்க" என்றார். பெட்டிக்குள் இரண்டு கன்ட்ரோலர்களும் அவன் கையால் வரைந்த சந்தை போஸ்டரும் இருந்தன. அவன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டான். வழியெல்லாம் இறக்கவில்லை.

கண்காட்சி ஒரு பெரிய ஹாலில். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மடக்கு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், கீபோர்டு, மவுஸ். மேஜை இரும்புக்கால், மேலே மெல்லிய பலகை. காலையில் கூட்டம் வந்தது. பள்ளிக்கூடப் பையன்கள், கல்லூரிக் கும்பல், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தகப்பன். எல்லோரும் நின்றுகொண்டே, கன்ட்ரோலரை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து விளையாடினார்கள். லாரி வரும்போது "ஐயோ" என்று சிரித்தார்கள். ஒரு பெண் குட்டியைக் கண்டுபிடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சனியனுங்களா, ஆட்டை வெச்சு அழ வெக்கிறீங்களே" என்று திட்டிவிட்டுப் போனாள். கீபோர்டுக்கு மாறிப் பார்த்தார்கள், குறி மாறியது. மறுபடி கன்ட்ரோலர், மறுபடி மாறியது. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அவன் என் தோளில் இடித்தான்.

"மாப்ள, மஸ்கட்டுல ரொம்ப வெயிலாம்டா. நமக்கு ஆகாது."

மதியத்துக்கு மேல் அந்த அம்மா வந்தார்கள். சென்னைக் கம்பெனியில் விளையாட்டுகளைத் தேர்ந்தெடுப்பவர். நெடுநேரமாக ஹாலைச் சுற்றிய களைப்பு முகத்தில் தெரிந்தது. ஒருவர் வீட்டுக்கு வந்தால் நிற்க வைத்துப் பேசுவது எங்கள் பக்கத்தில் கிடையாது. அவன் வீட்டில் சுத்தமாகக் கிடையாது, தோல் கொண்டுவருகிற வண்டிக்காரரைக்கூட உட்கார வைத்து டீ கொடுத்த பிறகுதான் விலை பேசுவார் அத்தா. அவன் ஓடினான். எங்கள் மேஜைக்கு நாற்காலி கொடுத்திருக்கவில்லை. எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, கைக்குட்டையால் துடைத்துப் போட்டான்.

"உக்காருங்க மேடம். காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இருந்திருப்பீங்க."

"அய்யோ, தேங்க்ஸ்ப்பா" என்று உட்கார்ந்தார்கள். முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலி தாழ்வு, மேஜை உயரம். கன்ட்ரோலரைப் பிடித்த கைகளை அப்படியே மேஜை விளிம்பில் ஊன்றிக்கொண்டார்கள். வசதியாகத்தான் இருந்திருக்கும்.

சந்தை திறந்தது. பனி. ஆடு நடந்தது. முதுகின் மேல் பச்சைச் சாயத்தில் ஏ என்று போட்ட பட்டன். அழுத்தினார்கள், ஆடு கத்தியது. சிரித்தார்கள்.

லாரி வந்தது. ஆட்டின் முதுகில் குறி சட்டென்று மாறி, கீபோர்டு எழுத்து வந்தது. அதே நொடியில் அதிர்வு நின்றது. மறுநொடி கன்ட்ரோலர் குறி, மறுபடி அதிர்வு. மறுபடி கீபோர்டு. குறி துடித்தது, அதிர்வு விக்கல் மாதிரி விட்டு விட்டு வந்தது.

"கீபோர்டைத் தொடணுமா?" என்று கேட்டார்கள்.

"இல்ல மேடம், கன்ட்ரோலர்லயே..."

"ஆனா ஸ்கிரீன்ல இதத்தானே அழுத்தச் சொல்லுது?" ஒரு கையால் கீபோர்டைத் தட்டினார்கள். சரியாகத்தான் வேலை செய்தது. திரும்பவும் கன்ட்ரோலருக்கு வந்தார்கள். அடுத்த லாரி. மறுபடி விக்கல்.

"வயர் லூசா?"

வயரை மாற்றினோம். அடுத்த கன்ட்ரோலரைச் செருகினோம். விளையாட்டை மூடித் திறந்தோம். அவர்கள் பொறுமையாக முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். லாரி இல்லாத இடத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது, அதுதான் எங்களை இன்னும் கிறுக்காக்கியது. குட்டியை நெருங்கினார்கள். நெஞ்சு துடிக்க வேண்டிய இடம், அவன் கண்ணை மூடி மூடி வாரக்கணக்கில் செதுக்கிய இடம். துடிப்பு ஆரம்பித்ததுமே அறுந்தது. ஆரம்பித்தது, அறுந்தது. பனிக்குள் கீபோர்டு எழுத்தும் பச்சைச் சாயமும் மாறி மாறி அடித்துக்கொண்டன. குட்டியைக் கூப்பிட எதை அழுத்துவது என்று தெரியாமல் அந்த அம்மா கன்ட்ரோலரைக் கீழே வைத்தார்கள்.

கோபமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "அழகா பண்ணியிருக்கீங்கப்பா. நிஜமா. ஆனா நாங்க போடுறது டிவி பெட்டிக்கு. அங்க படம் தப்பாக் காட்டினா அந்தப் பெட்டிக் கம்பெனிக்காரங்க பரிசோதனையிலயே நிறுத்திடுவாங்க. இந்தத் தடவைக்கு ஒண்ணுதான் எடுக்க முடியும், இன்னைக்கே முடிவு பண்ணணும். அடிப்படையே ஆடுறப்போ நான் எப்படி உள்ள சொல்லுவேன்?" எழுந்தார்கள். நாற்காலியை அவர்களே ஓரமாக நகர்த்தி வைத்தார்கள். அவன் அவசரமாக, "பரவால்ல மேடம், நான் வெச்சுக்கிறேன்" என்றான். "டீ சாப்ட்டுப் போங்க மேடம்" என்றும் சொன்னான். அவர்கள் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்கள்.

நான் புரோகிராமைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கே எங்கே என்று ஓட்டினேன். கண் எழுத்தைப் பார்த்தது, மூளை படிக்கவில்லை. அவன் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தான். கையை மேஜை விளிம்பில் ஊன்றி, கன்ட்ரோலரை எடுத்து, லாரி வரும் இடத்துக்கு ஆட்டை ஓட்டினான். விக்கல் வந்தது. அவன் திரையைப் பார்க்கவில்லை. வேறெங்கோ பார்த்தான்.

"மாப்ள."

"என்னடா?"

"மவுசப் பாரு."

மவுஸை யாரும் தொடவில்லை. கீபோர்டுக்குப் பக்கத்தில் சும்மா இருந்தது. சும்மா இருந்தால் அதன் அடியில் இருக்கும் சிவப்பு வெளிச்சம் மங்கிவிடும், அசைந்தால் பளிச்சென்று எரியும். லாரி வரும்போதெல்லாம் அது பளிச்சென்று எரிந்தது. பக்கத்திலிருந்த டீ கப்பில் வட்டம் வட்டமாக அலை.

அப்போதுதான் எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. கன்ட்ரோலர் அதிர்ந்தால் ஊன்றிய கை வழியாக அந்த மெல்லிய பலகை அதிர்கிறது. பலகை அதிர்ந்தால் மவுஸ் ஒரு மயிரிழை நகர்கிறது. என் விதிக்கு மவுஸும் கீபோர்டும் ஒன்றுதான்; மவுஸ் நகர்ந்தால், ஆள் கீபோர்டுப் பக்கம் போய்விட்டான் என்று என் விதி நினைக்கிறது. படத்தை மாற்றுகிறது, மோட்டாரை நிறுத்துகிறது. குச்சி இன்னும் கையில்தானே இருக்கிறது? உடனே கன்ட்ரோலர் என்கிறது. அதிர்வு திரும்ப வருகிறது. பலகை அதிர்கிறது. குச்சிக்கு எல்லை வைத்தோம். மவுஸுக்கு வைக்கவே இல்லை. விளையாடும்போது மவுஸ் அம்பு திரையில் தெரியாதபடி மறைத்தும் வைத்திருந்தோம், அதனால் அது நகர்வதும் கண்ணில் படவில்லை. காலையில் வந்தவர்கள் எல்லோரும் நின்றுகொண்டு விளையாடினார்கள், பலகைக்கு எதுவும் போகவில்லை. பாயில் உட்கார்ந்து வளர்த்த ஆட்டுக்கு மேஜை என்றால் என்னவென்றே தெரியாது.

ஒரே ஒரு வரி. மவுஸ் இத்தனை தூரம் நகர்ந்தால்தான் கணக்கு. எழுதினேன். நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றி, லாரியை விட்டான். மவுஸ் பளிச்சென்று எரிந்தது. ஆட்டின் முதுகில் பச்சைச் சாயம் அசையவில்லை.

ஹால் முழுக்க ஓடினோம். அந்த அம்மா ரயிலுக்குக் கிளம்பிவிட்டார்கள் என்று வாசலில் சொன்னார்கள். நடந்ததைக் காரணத்தோடு எழுதி, திருத்திய விளையாட்டின் புது பில்டையும் சேர்த்து அங்கிருந்தே மெயில் அனுப்பினேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவன் கன்ட்ரோலரை லேப்டாப்பில் மாட்டிக் கையில் வைத்திருந்தான். பழைய பஸ், கடைசி சீட். ஜன்னல் கண்ணாடி, கம்பி, எங்கள் பல் எல்லாம் ஆடின.

"அதிருதாடா?" என்று கேட்டேன்.

"எது அதிருதுன்னே தெரியலடா" என்றான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். நானும் சிரித்தேன். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவன் சிரிப்பை நிறுத்தவில்லை, ரொம்ப நேரம். கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாற்காலியப் போட்டவன் நானில்லடா" என்றான். "எங்க அத்தா வளர்ப்பு."

பதில் வந்தது. காரணத்தை விளக்கியது நன்றாக இருந்தது என்றும், சரிசெய்த பில்டை விளையாடினேன், கடைசிக் காட்சியை இரண்டாம் தடவையும் ஓட்டிப் பார்த்தேன் என்றும் எழுதியிருந்தார்கள். ஆனால் தேர்வு அன்றைக்கே முடிந்துவிட்டது, மன்னிக்கவும். நேர்மையான கடிதம். திட்டுவதற்குக்கூட ஒரு வரி இல்லை.

அத்தாவிடம் அவனே சொன்னான். மச்சானிடம் இன்னும் கொஞ்சநாள் தள்ளிப்போடச் சொல்லி நான் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் என் முழங்காலை அழுத்திப் பிடித்தான். "வாக்குடா" என்றான், மெதுவாக. அத்தாவுக்கும் அது கேட்டது. அவர் எழுந்து கீழே போய்விட்டார். அன்று லோடு வந்தபோது இறக்குகிறவர்களிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மதுரை ஏர்போர்ட்டுக்குக் காரில் போனோம். கார் எங்கள் ஊர்ப் பக்கத்து ரோட்டைத் தாண்டும்போது, "இங்கயே எறங்கிக்கடா, எதுக்கு அம்புட்டு தூரம் வந்து திரும்பிக்கிட்டு" என்றான். நான் இறங்கவில்லை. ஏர்போர்ட் வாசலில் அவன் பையைத் திறந்து பழைய கன்ட்ரோலரை எடுத்து என் கையில் திணித்தான், குச்சி தேய்ந்த அதே கன்ட்ரோலர். "அங்க கம்ப்யூட்டரு இல்லடா. வெச்சுக்க. எல்லைய மட்டும் எடுத்துராத, தானா நடக்க ஆரம்பிச்சிரும்." அத்தா அவனைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டினார், தட்டிக்கொண்டே இருந்தார். திண்டுக்கல்லில் இறங்கும்போது அத்தா தன் சாவிக்கொத்திலிருந்து ஒன்றைக் கழற்றினார். "மாடிச் சாவி ஒங்கிட்டயே இருக்கட்டும் அப்பு. நீ பாட்டுக்கு வா, போ."

நான் வந்தேன், போனேன். கீழே தோல், மேலே நான். மவுஸ் ஒன்று வாங்கிக்கொண்டேன். ஒரு மேஜையும். ஆட்டை நாங்களே இணையத்தில் வெளியிடுவதென்று ஆனது, அவனும் சரி என்றான். கீபோர்டில் விளையாடிச் சரிபார்ப்பேன், முதுகில் கீபோர்டு எழுத்து. நாள் முழுக்க அது மாறாது. என் கை இரண்டுமே கீபோர்டில்தான் இருந்தது, மாற்றுவதற்கு யார் இருக்கிறார்கள்? விதி சரியாகத்தான் வேலை செய்தது. சில நாள் நானே எட்டிக் கன்ட்ரோலரைத் தொடுவேன், சாயம் மாறுவதைப் பார்ப்பேன், கையை எடுத்துக்கொள்வேன்.

வெளியிடுவதற்கு முன்னால் கடைசிக் காட்சியின் துடிப்பை அவன் ஒருதரம் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவனுக்குக் கொஞ்சம் ஓய்வு. வீடியோவில் கூப்பிட்டான். பின்னால் அட்டைப்பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. கன்னம் ஒட்டியிருந்தது. "சாப்டியாடா?" என்று கேட்டான். "சாப்ட்டேன். நீ?" "ம்." கன்ட்ரோலரைப் போனுக்குப் பக்கத்தில் பிடித்து, காட்சியை ஓட்டினேன்.

"கேக்குதா?"

"ஒண்ணுமே கேக்கலடா. நீ பேசுறது மட்டும்தான் கேக்குது."

போனை மோட்டார் மேலேயே ஒட்டிப் பிடித்தேன். அப்போதும் இல்லை. அழைப்பில் பேச்சுக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு, விடாமல் இரைகிற சத்தத்தையெல்லாம் அந்த மென்பொருள் வடிகட்டி எறிந்துவிடும். இரைச்சல் என்று நினைத்து அவன் செதுக்கிய துடிப்பை அது எறிந்துகொண்டிருந்தது.

"விடுடா. நீ பாத்தா சரிதான்" என்றான்.

"செத்த நேரம் இரு."

டம்ளரில் மீதி டீ இருந்தது. அதைப் புது மேஜையின் நடுவில் வைத்தேன். அதன் விளிம்பில் போனைச் சாய்த்து, பின்பக்கக் கேமராவில் டீ மட்டும் தெரிகிற மாதிரி வைத்தேன். கன்ட்ரோலரைப் பிடித்த கையை, அந்த அம்மா ஊன்றிய மாதிரியே, மேஜை விளிம்பில் ஊன்றினேன். ஆட்டைப் பனிக்குள் ஓட்டினேன். குட்டி நெருங்கியது. டீயில் வட்டங்கள் எழுந்து, அடங்கி, எழுந்தன.

போனில் அவன் நெற்றி மட்டும் தெரிந்தது, அவ்வளவு கிட்டே வந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொருதரம்" என்றான்.

ஓட்டினேன்.

"இடது கொஞ்சம் ஜாஸ்திடா. ரெண்டாவது அடிக்கு மட்டும். செத்தக் கொறை."

குறைத்தேன். மறுபடி ஓட்டினேன். வட்டங்கள் எழுந்தன, அடங்கின.

"ம்... ஆங், இப்பதான்..."

பின்னால் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "வாரேன்" என்று அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னான். திரை அட்டைப்பெட்டிகள் மேல் ஒருதரம் சுழன்றது. அழைப்பு முடிந்துவிட்டது.

நான் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காட்சியை இன்னொருதரம் ஓட்டினேன். முன்னால் இருந்ததற்கும் இப்போதுக்கும் என் கைக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அவன் சொன்னபடியே வைத்து, அப்படியே வெளியிட்டேன்.